சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுக்கச் சொன்னவர்

கேள்வி:

ஆறு வருடம் ஓடிய ஒரு காரை வாங்குவதாகப் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டேன். பெயின்ட் கண்ணாடி போல் மின்னுகிறது. உள்ளே புதுக் கார்பெட், நல்ல வாசனை. ஓட்டிப் பார்த்ததில் ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டாம் முறை பார்க்கப் போனபோது, விற்பவர் போன் பேச வெளியே நகர்ந்தார். பக்கத்து வண்டியில் வேலை செய்துகொண்டிருந்த வயதான மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே என்னருகே வந்து, "முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள் அம்மா. இந்த வண்டி வேண்டாம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். இழுத்துப் பார்த்தேன். உள்ளே சுருண்டிருந்த பகுதி முழுக்கச் செம்மண் நிறக் கறை. விற்பவரைக் கேட்டால், யாராவது எதையாவது கொட்டியிருப்பார்கள் என்று சிரிக்கிறார். எஞ்சின் நன்றாக இருக்கிறது, ஆவணங்களிலும் குறை இல்லை, விலையைக் குறைத்து வாங்கிவிடலாம் என்கிறார் என் கணவர். அந்த மெக்கானிக்குக்கு இதில் ஏதாவது ஆதாயம் இருக்குமோ? அவர் சொன்னதை விற்பவரின் முகத்துக்கு நேரே சொன்னால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பழைய வாகனங்களை ஆய்வு செய்யும் பொறியாளரின் பதில்:

அன்புள்ள சகோதரி,

விற்பவர் சொன்ன காரணத்திலிருந்தே தொடங்குகிறேன். அது செல்லுமா செல்லாதா என்பதை யாருடைய உதவியும் இல்லாமல் நீங்களே பார்த்துவிடலாம். முன் சீட் பெல்ட் சுருளும் உருளை, முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் இருக்கும் தூணின் அடியில், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. தரையிலிருந்து அதிக உயரம் கிடையாது. பெல்ட் போடாத நேரத்தில் அதன் பெரும்பகுதி அந்த உருளையில்தான் சுற்றிக் கிடக்கும். மேலிருந்து யாராவது எதையாவது கொட்டினால் வெளியே தொங்கும் பகுதியில்தான் படும், அதுவும் திட்டுத் திட்டாக. உருளைக்குள் சுருண்டிருந்த பகுதி முழுக்கச் செம்மண் நிறம் ஏற வேண்டுமென்றால், அந்த உருளையே சேற்று நீரில் கிடந்திருக்க வேண்டும். வண்டியைப் பளபளப்பாக்குகிறவர்கள் கண்ணில் படும் பெல்ட்டைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பார்கள். கடைசிச் சுற்று வரை வெளியே இழுத்துப் பிடித்துக் கழுவும் பொறுமை பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த மெக்கானிக் இத்தனை இடங்களில் அந்த ஒன்றைச் சொன்னது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்த முறை போகும்போது (போவதாக இருந்தால்) மற்ற பெல்ட்டுகளையும் இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பக்க முன் பெல்ட்டிலும் அதே நிறம் இருந்தால், கொட்டிய கதை அங்கேயே முடிந்துபோகிறது. இரண்டு இருக்கைகளிலும் ஒரே மாதிரி யாரும் கொட்டமாட்டார்கள். பிறகு பின் இருக்கைக்குப் போங்கள். பல கார்களில் பின் பெல்ட்டின் உருளை இன்னும் உயரத்தில், இருக்கையின் முதுகுச் சாய்வுக்கு மேல் மட்டத்தில் இருக்கும். முன் பெல்ட் கறைபட்டு, பின் பெல்ட் சுத்தமாக இருந்தால் தண்ணீர் அந்த இரண்டு உயரங்களுக்கும் இடையில் எங்கோ நின்றிருக்கிறது. பின் பெல்ட்டிலும் கறை இருந்தால் அந்த வண்டியைப் பற்றி மேற்கொண்டு பேசவே வேண்டாம். இன்னொன்று: பெல்ட்டின் அடி முனையில் ஒரு சிறு துணி லேபிள் தைத்திருப்பார்கள். அதில் பெரும்பாலும் தயாரித்த தேதி இருக்கும். வண்டி ஆறு வருடம் பழையது, பெல்ட் மட்டும் புதிது என்றால், ஏன் மாற்றினார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி அந்த மனிதரின் நோக்கம். உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். பழைய வண்டி வியாபாரத்தில், "அதை விடுங்கள், என்னிடம் நல்ல வண்டி ஒன்று இருக்கிறது" என்று கையைப் பிடித்து இழுப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர் தன் போன் நம்பரைக் கொடுப்பார், அல்லது உங்களுடையதை வாங்கிக்கொள்வார். இவர் இரண்டையும் செய்யவில்லை. அவர் சொன்னதை நீங்கள் நம்ப வேண்டிய தேவையும் வைக்கவில்லை. உங்கள் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளும்படி ஓர் இடத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பொய் சொல்ல வருகிறவர் இவ்வளவு எளிதாகச் சோதிக்கக்கூடிய ஒன்றைச் சொல்லமாட்டார். அவருக்கு இதில் ஆதாயம் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. இழப்பதற்குத்தான் நிறைய இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

ஆனால் அவர் சொன்னது ஒரு தடயம் மட்டுமே. அதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

ஒரு கறை போதாது, மட்டம் வேண்டும்

நனைந்த கார்பெட் என்றதும் வெள்ளம் என்று சொல்லிவிட முடியாது. ஏசியின் நீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டாலும் முன்பக்கத் தரை நனையும். முன்கண்ணாடியின் ஓரம் கசிந்தாலும் நனையும். ஒரு போல்ட் துருப்பிடித்திருந்தால், ஈரக் காலணியோடு ஏறி இறங்கியவர்களின் வேலையாகக்கூட இருக்கலாம். இவை ஒவ்வொன்றும் தனித்தனி இடத்தில், தனித்தனி உயரத்தில் வரும். நின்ற தண்ணீர் அப்படி இல்லை. அது வண்டியைச் சுற்றி ஒரே மட்டத்தில் கோடு போட்டுவிட்டுப் போகிறது. நாங்கள் ஆய்வில் தேடுவது அந்தக் கோட்டைத்தான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு இடங்களில், ஏறக்குறைய ஒரே உயரம் வரை சேறோ துருவோ இருந்தால், அதற்கு வேறு விளக்கம் கிடையாது.

முதலில் முன் இருக்கையை முழுவதும் பின்னால் தள்ளி, கால் வைக்கும் இடத்தில் குனிந்து, இருக்கையைத் தரையோடு பிணைக்கும் தண்டவாளத்தையும் அதன் போல்ட்டுகளையும் செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். ஆறு வருட வண்டியில் அங்கே தூசி இருக்கலாம், சில்லறை நாணயம் கிடக்கலாம். போல்ட்டின் தலையில் செதில் செதிலாகத் துரு இருக்கக் கூடாது. போல்ட்டின் விளிம்பில் ஸ்பானர் பிடித்த புதுக் கீறல்கள் தெரிந்தால், இருக்கையை ஒருமுறை வெளியே எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கார்பெட் மாற்ற வேண்டுமென்றால் இருக்கையைக் கழற்றாமல் முடியாது. யோசித்துப் பாருங்கள்: பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்திருக்கிறது, ஸ்டீயரிங்கின் தோல் வழவழப்பாகியிருக்கிறது, கார்பெட் மட்டும் புதிது. விற்பதற்கு முன் பெயின்ட் பூசுவார்கள், இருக்கை உறை மாற்றுவார்கள். தரையோடு ஒட்டிய முழுக் கார்பெட்டைக் காரணமில்லாமல் யாரும் மாற்றுவதில்லை.

அந்தக் கார்பெட்டின் ஓரத்தைக் கதவுப் படி அருகே, பிளாஸ்டிக் பட்டையின் கீழிருந்து சற்றுத் தூக்க முடிந்தால் இன்னும் நல்லது. அடியில் ஒரு கெட்டியான பஞ்சுப் படலம் இருக்கும். தண்ணீர் அதற்குள்தான் மாதக்கணக்கில் தங்கும். மேலே கை வைத்தால் காய்ந்திருக்கும், அடியில் விரலை விட்டு அழுத்தினால் குளிர்ச்சி தெரியும். நல்ல வாசனை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாசனைதான் எனக்கு உறுத்துகிறது. அடுத்த முறை, வரும்முன்பே கண்ணாடிகளையெல்லாம் மூடி வண்டியை வெயிலில் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். கதவைத் திறந்தவுடன் வரும் முதல் மூச்சில் வாசனைத் திரவியத்துக்கு அடியில் ஈரச்சாக்கு நெடி இருக்கிறதா என்று பாருங்கள். ஏசியை உள்காற்றே சுழலும்படி வைத்து ஓடவிட்டாலும் அது தெரிந்துவிடும்.

அடுத்து டிக்கி. தரை அட்டையைத் தூக்கி ஸ்டெப்னி டயரை வெளியே எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தைப் பாருங்கள். வண்டியின் உள்பகுதியிலேயே தாழ்வான இடங்களில் அது ஒன்று. தண்ணீர் வடிந்த பிறகு வண்டல் கடைசியாகத் தேங்கும் இடம். ஜாக்கி, ஸ்பானர் வைத்திருக்கும் பையின் மடிப்பில் மண் பொடி இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஹெட்லைட்டின் உட்புறம். லேசான பனிமூட்டம் எல்லா வண்டியிலும் எப்போதாவது வரும். உள்ளே அடியில் மெல்லிய மண் படலம் படிந்து, அதற்கு மேல் ஒரு கோடு தெரிந்தால் அது வேறு கதை. கடைசியாக, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, ஒயர்கள் கூடும் பிளாஸ்டிக் கனெக்டர்களின் மேல் விளிம்பைப் பாருங்கள். அங்கே துணி நுழையாது. அவ்வளவு உயரத்தில் வண்டல் படிந்திருந்தால், நீர் டேஷ்போர்டு வரை வந்திருக்கிறது. அந்த மட்டத்துக்கு மூழ்கிய வண்டியை இன்சூரன்ஸ் மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் முழு நஷ்டம் என்றே கணக்கெழுதுவார்கள்.

ஓட்டிப் பார்த்தபோது ஏன் ஒன்றும் தெரியவில்லை

உங்கள் கணவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. எஞ்சின் நன்றாகவே இருக்கலாம். நிறுத்தி வைத்த வண்டியைத் தண்ணீர் சூழ்ந்து, யாரும் சாவியைத் திருப்பாமல் இருந்து, எண்ணெயையும் மாற்றியிருந்தால் எஞ்சின் தப்பிவிடும். ஓடிக்கொண்டிருந்தபோது தண்ணீரில் இறங்கியிருந்தால்தான் ஆபத்து. காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் நுழையும். காற்றைப் போலத் தண்ணீரை அழுத்த முடியாது. மேலே வரும் பிஸ்டனுக்கு இடம் கிடைக்காமல், அதைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளையும். கொஞ்சமாக வளைந்த தண்டோடு எஞ்சின் சில காலம் ஓடும், பிறகு ஒருநாள் உடையும். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து, ஒன்று மட்டும் குறைவாக இருக்கிறதா என்று பார்த்தால் இது பெரும்பாலும் பிடிபடும்.

ஆனால் இந்த வகை வண்டிகளில் என்னைக் கவலைப்பட வைப்பது எஞ்சின் இல்லை, ஒயரிங். எஞ்சின் கெட்டால் கெட்டது தெரியும். ஒயரிங் அப்படிச் சொல்லிக்கொண்டு கெடாது.

நான் பார்த்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். அதை வாங்கியவர் பெயின்ட்டின் பளபளப்பிலும் எஞ்சினின் அமைதியிலும் மயங்கித்தான் வாங்கியிருந்தார். முதல் சில வாரங்கள் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஓட்டுநர் பக்கக் கண்ணாடி தானாக இறங்கத் தொடங்கியது. ஸ்விட்சை மாற்றினார்கள், சரியானது. கொஞ்ச நாளில் ஏர்பேக் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. சென்சார் என்றார்கள், மாற்றினார்கள். அப்புறம் ஒரு காலையில் வண்டி சாவிக்கே அசையவில்லை. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மெக்கானிக் தனி நோயாகப் பார்த்துச் செலவு வைத்த பிறகுதான் என்னிடம் வந்தது. இருக்கைகளைக் கழற்றி, கதவுப் படி ஓரமாகக் கார்பெட்டை உரித்தோம். பஞ்சு இன்னும் ஈரமாக இருந்தது. அந்தப் பஞ்சுக்குப் பக்கத்திலேயே, படியை ஒட்டி, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் போகும் பிரதான ஒயர்க் கட்டு கிடந்தது. அதில் ஒரு கனெக்டரைப் பிரித்தால், பித்தளை நிறத்தில் இருக்க வேண்டிய பின்கள் பச்சைப் பூப் பூத்திருந்தன. அந்தப் பின்னிலிருந்து போகும் ஒயரின் மேலுறையை ஒரு விரல் நீளத்துக்குச் சீவினேன். உள்ளே செம்பு கருத்திருந்தது. இன்னும் ஒரு விரல் தள்ளிச் சீவினேன், அங்கேயும் கறுப்பு.

இதுதான் அடிப்படைக் காரணம். ஈரமும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருந்தால் செம்பு அரிக்கத் தொடங்குகிறது. மெல்லிய இழைகளால் முறுக்கிய ஒயர், விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதைப் போல, உறைக்குள்ளேயே தண்ணீரை மேலே இழுத்துக்கொள்கிறது. அதனால் நனைந்த இடம் ஒன்றாகவும், பழுது வெளிப்படும் இடம் வேறாகவும் இருக்கும். கனெக்டரைச் சுத்தம் செய்தாலும் உறைக்குள் போனது போனதுதான். பாட்டரியின் 12 வோல்ட்டில் எரியும் விளக்குக்குக் கொஞ்சம் தடை கூடினால் ஒன்றும் ஆகாது. பல சென்சார்கள் 5 வோல்ட்டில் வேலை செய்கின்றன. அங்கே சிறு தடை கூடினாலே அளவு மாறிப்போகும்.

ஏர்பேக்குக்கு இது இன்னும் நுட்பமான விஷயம். பையை வெடித்து விரிக்கும் தூண்டியின் மின்தடை 2 ஓம் அளவில்தான் இருக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டி அதை இடைவிடாமல் கண்காணித்து, தடை எல்லையைத் தாண்டினால் கோளாறு என்று பதிவு செய்து விளக்கை எரியவிடும். அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி எங்கே இருக்கிறது தெரியுமா? பெரும்பாலான கார்களில் முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவே, தரையில். வெள்ளத்தில் முதலில் நனைபவற்றில் அதுவும் ஒன்று. நீரில் மூழ்கிய ஏர்பேக் பாகங்களைக் காயவைத்து மீண்டும் பொருத்தக் கூடாது, மாற்றியாக வேண்டும் என்பதுதான் தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரை. சில முன் பெல்ட்டுகளின் உருளைக்குள்ளும், மோதும் நொடியில் பெல்ட்டை இறுக்குவதற்காக ஒரு சிறு வெடிமருந்துக் குப்பி உண்டு. உங்கள் வண்டியில் அந்த உருளைதான் சேற்றில் கிடந்திருக்கிறது. அதையும் தனியே விசாரிக்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். எஞ்சின், பிரேக், ஏர்பேக் விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிய வேண்டும். சில நொடிகளில் ஏர்பேக் விளக்கு தானாக அணைய வேண்டும். அது எரியவே இல்லையென்றால் யாரோ விளக்கையே பிடுங்கியிருக்கலாம். வேறொரு விளக்கு அணையும்போது துல்லியமாக அதே கணத்தில் அணைந்தால், இரண்டையும் ஒரே ஒயரில் கட்டியிருக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். பிறகு, வண்டியின் கணினியில் பதிவான பிழைக் குறிகளைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் வெளி மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். பிழைக் குறிகள் எதுவும் இல்லை என்று அவர் சொன்னால் அதோடு நின்றுவிட வேண்டாம். குறிகள் அழிக்கப்பட்ட பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வண்டிகள் அந்தத் தூரத்தைத் தனியாகக் கணக்கு வைத்திருக்கும். ஆறு வருட வண்டியில் அந்த எண் சில பத்து கிலோமீட்டர்தான் என்றால், நீங்கள் வருவதற்குச் சற்றுமுன் யாரோ குறிகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பாட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். பாட்டரி புதிது என்றால் இரண்டாவதுதான் காரணமாகவும் இருக்கலாம். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலையைக் குறைத்தால் சரியாகிவிடுமா?

எவ்வளவு குறைத்தால் போதும் என்று உங்கள் கணவரைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அவரால் முடியாது, என்னாலும் முடியாது. எஞ்சின் கெட்டிருந்தால் மாற்று எஞ்சினுக்கு ஒரு விலை உண்டு, அதைக் கழித்துப் பேரம் பேசலாம். ஒயர்க் கட்டு எந்த நீளம் வரை கருத்திருக்கிறது என்று உரித்துப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. அதை முழுதாக மாற்ற டேஷ்போர்டும் இருக்கைகளும் கார்பெட்டும் வெளியே வர வேண்டும். பாகத்தை விடக் கூலி பெரிதாகிவிடும். பாதியில் விட்டால் அந்த வண்டிக்காரருக்கு நடந்ததுதான் நடக்கும், மாதம் ஒரு நோய்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த வண்டியை வெள்ளத்தில் நின்றது என்று தெரிந்தே வாங்குகிறீர்கள். நாளை நீங்கள் விற்கும்போது அதை மறைத்தால், இன்று விற்பவர் நிற்கும் இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். மறைக்காமல் சொன்னால் நீங்கள் வாங்கிய விலையைவிட இன்னும் கீழே போக வேண்டியிருக்கும். வாங்குவதற்கு முன்பே இருந்த சேதத்துக்கு இன்சூரன்ஸும் பொறுப்பேற்காது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளம் பார்த்த எல்லா வண்டியும் குப்பைக்குப் போக வேண்டியதில்லை. நல்ல தண்ணீர், கார்பெட் மட்டம் வரை மட்டும் வந்து, அன்றே உள்ளே எல்லாவற்றையும் கழற்றிக் காயவைத்து, எந்தெந்தக் கனெக்டர், எந்தப் பெட்டி மாற்றப்பட்டது என்ற ரசீதுகளோடு விற்பவரே முன்வந்து சொல்லும் வண்டியைப் பரிசீலிக்கலாம். உப்புத் தண்ணீர் என்றால் அதுவும் வேண்டாம். உப்பு, அரிப்பை எத்தனையோ மடங்கு விரைவாக்கும். உங்கள் விஷயத்தில் நீர் பெல்ட் உருளை வரை வந்திருக்கிறது, விற்பவர் சிரித்து மழுப்புகிறார், தரை முழுக்கப் புதுக் கார்பெட். நான் வாங்கமாட்டேன். குழந்தைகள் ஏறும் வண்டி என்றால் ஏர்பேக் பெட்டியின் ஒரு காரணத்துக்காகவே வாங்கமாட்டேன்.

ஆவணங்கள் குறையில்லை என்பதும் இங்கே ஆறுதல் இல்லை. ஆவணம், வண்டி யாருடையது என்று சொல்லும். எதில் நின்றது என்பது, யாராவது இன்சூரன்ஸ் கேட்டிருந்தால்தான் எங்காவது பதிவாகியிருக்கும். உரிமையாளர் கேட்கவே இல்லையென்றாலோ, கைமாறிக் கைமாறி வேறு ஊரில் பதிவானாலோ, தாளில் தடயம் இருக்காது. முந்தைய இன்சூரன்ஸ் கோரிக்கைகளின் விவரத்தைக் கேளுங்கள். இருந்தால் நல்லது, இல்லாததை எதற்கும் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முன்பணமும் அந்த மெக்கானிக்கும்

"உங்கள் மெக்கானிக்கே சொன்னார்" என்று விற்பவரிடம் சொல்லத் தோன்றுவது இயல்பு. அதைச் சொல்லாதீர்கள். அதனால் உங்களுக்கு ஒரு காசும் கூடுதலாகக் கிடைக்காது. அவர் சொன்னதை அவரே அங்கே மறுக்க வேண்டியிருக்கும். வேலை அங்கே, கூலி அங்கே, வேறென்ன செய்வார்? உங்கள் வாதத்தின் ஒரே தூண் அவரது வாய்வார்த்தை என்றால், அது அந்தக் கணமே விழுந்துவிடும். அவருக்கு வேலை போகும். அடுத்து வரும் வாடிக்கையாளரின் காதருகே குனிய அந்த முற்றத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். நன்றி சொல்ல என்று அங்கே போய் அவரைத் தேடிப் பேசவும் வேண்டாம்; பார்க்கிறவர்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

உங்களுக்கு அவர் தேவையும் இல்லை. பெல்ட்டை இழுத்தது உங்கள் கை, கறையைப் பார்த்தது உங்கள் கண். இனி பேசும்போது காரணம் உங்கள் ஆய்விலிருந்து வரட்டும். வெளி மெக்கானிக் ஒருவரையோ வாகன ஆய்வாளர் ஒருவரையோ அழைத்துப் போய், நான் மேலே சொன்ன இடங்களைப் படம் எடுத்து, தேதியிட்டு ஒரு பக்க அறிக்கை எழுதி வாங்குங்கள். பெல்ட்டின் கறை தெரியும் படத்தில் இருக்கையும் கதவும் சேர்ந்து தெரிய வேண்டும். எந்த வண்டி என்ற கேள்வி பிறகு வரக் கூடாது. ஆய்வுக்கு விற்பவர் மறுத்தால், அந்த மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "இந்த வண்டி எப்போதாவது வெள்ளத்தில் நின்றிருக்கிறதா? உட்புறம் தண்ணீர் புகுந்திருக்கிறதா?" குறுஞ்செய்தியில் கேட்டால் போதும். கோபமோ குற்றச்சாட்டோ இல்லாமல் இவ்வளவுதான். ஆம் என்றால் பேச்சு எளிதாக முடியும். இல்லை என்று எழுதினால், உங்கள் கையில் இருக்கும் படங்களுக்கு எதிராக ஒரு பொய்யைக் கையெழுத்திட்டது போல ஆகிவிடும். பதிலே வராமல் போன் வந்தால், பேசிய பிறகு "நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று நீங்களே ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். விற்பனை ரசீதுகளில் "உள்ளது உள்ளபடி" என்ற வாசகம் இருப்பதைக் காட்டி, இனி எதுவும் கேட்க முடியாது என்பார்கள். நேரடியாகக் கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் அந்த வாசகம் முழுக் கவசமாக நிற்பது கடினம் என்பதுதான் நான் வழக்கறிஞர்களோடு வேலை செய்து தெரிந்துகொண்டது. ஆனால் நான் வழக்கறிஞன் இல்லை. முன்பண ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முக்கியம்: வாங்காவிட்டால் இழக்க வேண்டிய பிடிமானத் தொகையா, விலையின் ஒரு பகுதியா? ரசீதையும் அந்தச் செய்திகளையும் உங்கள் பகுதி வழக்கறிஞரிடமோ நுகர்வோர் ஆலோசனை மையத்திலோ காட்டுங்கள்.

கேட்கும் விதத்துக்கு ஒரு யோசனை. "ஏமாற்றுகிறீர்கள்" என்று தொடங்கினால் வியாபாரி சண்டைக்குத்தான் தயாராவார். "ஆய்வில் இவை தெரிந்தன, படங்கள் இணைத்திருக்கிறேன், எனக்கு இந்த வண்டி வேண்டாம், முன்பணத்தை இன்ன தேதிக்குள் திருப்பிக் கொடுங்கள்" என்று எழுதுங்கள். இந்த வண்டியை மறுவாரமே வேறொருவருக்குத் தள்ளிவிட வேண்டும் என்று நினைக்கும் வியாபாரிக்கு, படங்களோடு எழுத்தில் ஒரு தகராறு இருப்பது தொல்லை. பலர் அந்த இடத்தில் பணத்தைக் கொடுத்து முடித்துக்கொள்வார்கள். படங்களையும் வண்டி எண்ணையும் ஊரறியப் பரப்புவதாக மிரட்ட மட்டும் வேண்டாம். அது அவர் கையில் உங்களுக்கு எதிரான வழக்கைக் கொடுத்துவிடும்.

திருப்பித் தர முடியாது என்றே சொல்லிவிட்டால்? முன்பணம் போய்விடுமே என்று வண்டியை எடுத்துக்கொள்ளும் எண்ணம் அப்போதுதான் வரும். கொடுத்த பணம் வீணாகக் கூடாது என்ற ஆதங்கம் பொல்லாதது. மீதிப் பணம் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகை முழுதும் கையை விட்டுப் போன பிறகு பேரம் பேச உங்களிடம் எதுவும் இருக்காது. உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல், சாவியை வாங்காமல், முன்பணத்துக்கான வழியைத் தனியே பாருங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்து ரசீதும் இல்லையென்றால், தொகையையும் தேதியையும் குறிப்பிட்டு இன்றைக்கே ஒரு செய்தி அனுப்பி, அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வையுங்கள். வண்டி வேண்டாம் என்று சொல்வதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள், பின்னால் ஒப்புக்கொள்ளமாட்டார்.